நின்ற ஃபேன், அணைந்த ஃபேன் அல்ல

காரைக்கால் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரவு எட்டரை மணிக்குக் கரண்ட் போனால் கடைக்காரர்கள் அலட்டிக்கொள்வதில்லை. "இனிமே யாரு வரப்போறா" என்று சொல்லிவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் கல்லாவை எண்ணுவார்கள். வாசலில் நிற்கும் பொம்மைகளை உள்ளே தூக்கி வைப்பார்கள். ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு மழைக்குள் இறங்கி நடப்பார்கள்.

பூட்டும்போது கடை இருட்டாக இருக்கிறது. ஃபேன் சுற்றவில்லை. மெஷின் சத்தம் இல்லை. பார்த்தால் எல்லாம் அணைந்துவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் ஒரு சுவிட்சைக்கூட யாரும் அணைக்கவில்லை. இரவு ஒன்றரை மணிக்குக் கரண்ட் திரும்பி வரும்போது, பூட்டிய ஷட்டருக்குப் பின்னால் ட்யூப்லைட்டுகள், ஃபேன்கள், தையல் அறையில் இருக்கும் அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒன்றாக உயிர் பெறும். அப்போது அங்கே ஆள் இருக்காது.

"கிளம்பும்போது லைட்டை அணைச்சிட்டுப் போங்க" என்று சொல்லாத முதலாளி கிடையாது. சுவரில் எழுதி ஒட்டியும் இருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தப் பேச்சைக் கேட்ட ஊழியர் லைட்டைப் பார்க்கிறார், சுவிட்சைப் பார்ப்பதில்லை. எரிந்தால் அணைப்பார், எரியாவிட்டால் அவர் வேலை முடிந்தது. மழைக்காலத்துக் கடலோர ஊரில் இந்தப் பழக்கம் போதாது. ஊழியர்களிடம் பேச வேண்டிய பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும்: பொருளைப் பார்க்காதே, சுவிட்சைப் பார்.

நெடுங்காடு, காரைக்கால் மாவட்டத்தின் கொம்யூன்களில் ஒன்று. சுற்றிலும் தமிழ்நாடு என்றாலும் இங்கே மின்சாரம் தருவது புதுச்சேரி அரசின் மின்துறை. புயலுக்கு அந்த எல்லையெல்லாம் தெரியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, டெல்டா முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்தன. தமிழ்நாட்டில் மட்டும் விழுந்த கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதன்பின் கரண்ட் வந்தது ஒரே நாளில் அல்ல. ஒரு தெருவுக்கு இன்று, அடுத்த தெருவுக்கு நாளை மறுநாள், ஒரு ஊருக்குப் பகலில், இன்னொரு ஊருக்கு நடுராத்திரியில் என்றுதான் வரும். புயல் வேண்டாம், சாதாரண மழையிலும் நடப்பது இதுதான். போன கரண்ட் எப்போது திரும்பும் என்பது கடை மூடுகிறவர் கையில் இல்லை. அது வரும்போது சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கும் என்பது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது.

இதை ஒரு கடையை வைத்துப் பார்ப்பது சுலபம். நெடுங்காட்டில் ஒரு நடுத்தரத் துணிக்கடை என்று வைத்துக்கொள்ளலாம். முன்னால் ரெடிமேட், புடவைப் பிரிவு. பின்னால் மூன்று மெஷின் போட்ட தையல் அறை. படியேறினால் சரக்கு அறை. கட்டிங் மாஸ்டர், இரண்டு தையல்காரர்கள், கவுன்டரில் இரண்டு பெண்கள், எடுபிடிக்கு ஒரு பையன், கல்லாவில் முதலாளி. கடை கற்பனைதான். உள்ளே இருக்கும் சாமான்கள் எல்லாக் கடையிலும் இருப்பவை.

இந்தக் கடையில் முதலில் பேச வேண்டியது அயர்ன் பாக்ஸைப் பற்றி. சாதாரண அயர்ன் பாக்ஸே 750 முதல் 1000 வாட் வரை இழுக்கும். ஒரு ஃபேன் 75 வாட். அதாவது ஒரு அயர்ன் பாக்ஸ், பத்துப் பதின்மூன்று ஃபேன்களுக்குச் சமம். அந்த மின்சாரம் முழுக்க ஒரு உள்ளங்கை அகல இரும்பில் சூடாக இறங்குகிறது. அது உட்கார்ந்திருக்கும் இடமோ பழைய போர்வையை மடித்துப் போட்டு மேலே வேட்டித் துணி விரித்த மேஜை. பஞ்சும் நூல் துணியும் சூட்டில் உடனே பற்றி எரிவதில்லை. முதலில் பழுப்பாகும், கருகும், பிறகு உள்ளுக்குள்ளேயே புகைந்து கனன்றுகொண்டிருக்கும். மணிக்கணக்காகக்கூட அப்படியே இருக்கும். காற்றுப் பட்டாலோ பக்கத்தில் கிடக்கும் லேசான துணியைத் தொட்டாலோதான் சுடர் விடும். மாலையில் நடந்த மறதி விடியற்காலையில் தீயாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

"அதான் ஆட்டோமேட்டிக் பெட்டியாச்சே மாஸ்டர், சூடு ஏறினா தானே நிக்குமே" என்று பையன் கேட்பான். நல்ல கேள்வி. நிற்கும், ஆனால் கொஞ்ச நேரம்தான். பெட்டிக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட், டயலில் வைத்த சூடு வந்ததும் மின்சாரத்தை வெட்டும். சூடு குறைந்ததும் மறுபடி சேர்க்கும். இரவு முழுக்க இப்படியே வெட்டியும் சேர்த்தும் பெட்டியைச் சூடாகவே வைத்திருக்கும். பழைய பெட்டியில் அந்தத் தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வெட்டுவதே நின்றுபோகும். சூடு ஏறிக்கொண்டே போகும். தெர்மோஸ்டாட்டே இல்லாத பழைய கனத்த பெட்டிகளும் தையல் கடைகளில் உண்டு.

இன்னொரு ஏமாற்றும் அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. மேலே ஒரு சின்ன சிவப்பு விளக்கு. அது எரிந்தால் ஆன், எரியாவிட்டால் ஆஃப் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இப்போது சூடேறுகிறதா இல்லையா என்பதைத்தான் காட்டுகிறது. தெர்மோஸ்டாட் வெட்டிய அரை நிமிடத்தில் ஒருவர் எட்டிப் பார்த்தால் விளக்கு அணைந்திருக்கும், பெட்டியோ ஆனில் இருக்கும். ஆகவே அயர்ன் பாக்ஸுக்கு மட்டும் விதி வேறு: சுவிட்ச் அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி வெளியே தொங்கவிட வேண்டும். பெட்டியைத் துணி மேஜையில் விடாமல் நிமிர்த்தி ஓர் இரும்புத் தட்டிலோ கல்லிலோ வைக்க வேண்டும். கரண்ட் இருக்கிறதோ இல்லையோ, இருட்டோ வெளிச்சமோ, தொங்கும் பிளக் பொய் சொல்லாது.

பூட்டிய கடையில் பிடிக்கும் தீ ஏன் பெரிதாகிறது என்பதற்குத் தமிழ்நாடு மறக்காத ஓர் உதாரணம் உண்டு. 2017 மே 31 அன்று சென்னை தி.நகரில் இருந்த சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. அதிகாலை நேரம், வியாபாரம் இல்லை. புகை அடைத்துக்கொண்டதால் தீயணைப்பு வீரர்களால் உள்ளே போக முடியவில்லை. பகல் முழுக்க எரிந்து மாடிகள் சரிந்தன. கடைசியில் மிச்சக் கட்டடத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு மாடிக்கும் நெடுங்காட்டுக் கடைக்கும் அளவில் ஒப்பீடே கிடையாது. நேரம்தான் ஒன்று. வியாபாரம் நடக்கும்போது துணி கருகினால் மூக்கில் ஏறிய அடுத்த நிமிடம் யாராவது ஓடுவார்கள். மூடிய கடையில் புகை ஷட்டர் இடுக்கு வழியாக வெளியே வந்து, அதைத் தெருவில் ஒருவர் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

மறுநாள் செய்தியில் 'மின்கசிவு' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். தளர்ந்த ஒயர், சூடேறிய பிளக், மறந்த அயர்ன் பாக்ஸ், தரம் குறைந்த சார்ஜர் என்று பலவும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன. மின்கசிவு என்றால் யாரும் எதுவும் செய்திருக்க முடியாதது போல ஒரு தொனி வேறு.

சரி, சுவிட்சைப் பார் என்று சொல்லியாகிவிட்டது. கரண்ட் இல்லாத இருட்டில் சுவிட்ச் ஆனா ஆஃபா என்று எப்படித் தெரியும்? இதை ஊழியர்களைப் போர்டின் முன்னால் நிறுத்திக் காட்ட வேண்டும். நம் நாட்டில் சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்ச், கீழே தட்டினால் ஆன், மேலே தட்டினால் ஆஃப். மீட்டருக்குப் பக்கத்தில் பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. அதற்கு நேர் எதிர்: நெம்புகோல் மேலே நின்றால் ஆன், கீழே விழுந்தால் ஆஃப். புதிதாக வந்த பையனுக்கு இது நிச்சயம் குழப்பும். "எல்லாத்தையும் மேலே தள்ளிட்டேன் அண்ணே" என்று அவன் பெருமையாகச் சொல்லும்போது மெயினையும் மேலேயே விட்டிருப்பான்.

மாடிப்படி விளக்கு இன்னும் தந்திரக்காரன். அதற்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டில் எதைத் தட்டினாலும் எரியும், எதைத் தட்டினாலும் அணையும். அப்படிப்பட்ட சுவிட்சுக்கு மேலே, கீழே என்று நிரந்தரமான பொருள் கிடையாது. கரண்ட் இல்லாதபோது அதை உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அந்த ஒரு விளக்குக்காகவே மெயினை அணைக்க வேண்டியிருக்கிறது. ஃபேனை ரெகுலேட்டரில் பூஜ்யத்துக்குத் திருகி நிறுத்துகிற பழக்கமும் பல கடைகளில் உண்டு. அது வேண்டாம். மறுநாள் சுவிட்சைத் தட்டிவிட்டு "ஃபேன் ஓடலை" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் ரெகுலேட்டரைத் திருப்ப, எது ஆனில் இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமில்லாமல் போகும். சுவிட்ச்தான் அணைக்கும் இடம் என்று ஒரே வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

பன்னிரண்டு சுவிட்ச் உள்ள போர்டில் எது எதற்கு என்று பழைய ஆளுக்குத்தான் தெரியும். அவர் லீவு போட்ட அன்று மற்றவர் எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் 'படி', 'சரக்கு அறை', 'போர்டு லைட்' என்று தமிழில் எழுதி, மேலே செலோடேப் ஒட்டினால் போதும். செலவு பத்து ரூபாய்.

இனி மெயினுக்கு வரலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெயினை மட்டும் அணைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். துணிக்கடையில் ஓரளவு முடியும். அப்போதும் இரண்டு இடங்களில் இடிக்கும்.

முதல் இடம், அணைக்கவே கூடாத பொருட்கள். துணிக்கடையில் கேமராவும் அதன் பதிவுப் பெட்டியும். பக்கத்துக் கடையில் பால், தயிர் வைத்த ஃப்ரிட்ஜும் ஐஸ்கிரீம் பெட்டியும். மெடிக்கல் ஷாப்பில் இன்சுலின் இருக்கும் ஃப்ரிட்ஜ். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சிக்கனம் என்று நினைத்து அந்த ஃப்ரிட்ஜை ஓர் ஊழியர் இரவில் அணைத்தால், காலையில் மறுபடி போட்டதும் பெட்டி பழையபடி ஜில்லென்று இருக்கும். மருந்து வீரியம் குறைந்தது வாங்கிப் போகிறவருக்குத் தெரியாது. ஐஸ்கிரீமாவது காட்டிக்கொடுக்கும்: உருகி மறுபடி உறைந்தது கோணலாக இருக்கும், உள்ளே ஐஸ் துகள் நறநறக்கும். மருந்து அப்படிக் காட்டிக்கொடுக்காது. "எல்லாத்தையும் அணை" என்று மொட்டையாகச் சொல்லும் முதலாளி இந்த ஆபத்தைத் தானே வரவழைக்கிறார். அணைக்கக் கூடாதவற்றின் சுவிட்சில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அதைக் கடைசியில் அல்ல, பேச்சின் தொடக்கத்திலேயே காட்டிவிட வேண்டும்.

இதற்கு நிரந்தர வழி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அழைத்து, கடையின் ஒயரிங்கை இரண்டு லைனாகப் பிரித்துக்கொள்வது. ஃப்ரிட்ஜ், கேமரா, இன்வெர்ட்டர் ஆகியவை 'இரவு லைன்'. மற்றதெல்லாம் 'பகல் லைன்'. இரண்டுக்கும் தனித்தனி எம்.சி.பி. பெட்டியில் பெரிய எழுத்தில் இந்தப் பெயர்களை எழுதிவிட்டால், இரவில் அணைக்க வேண்டிய மெயின் எது என்பதில் சந்தேகமே வராது. புதிதாக ஒயரிங் செய்யும்போது சேர்த்துச் செய்தால் செலவும் அதிகம் ஆகாது.

இரண்டாவது இடம் இன்வெர்ட்டர். இது பலருக்கும் தெரியாத சங்கதி. மெயினை அணைத்தால் இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அது உடனே பேட்டரிக்கு மாறி, தன் லைனில் இருக்கும் லைட்டையும் ஃபேனையும் ஓட்டும். மெயினை அணைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் ஊழியர் போய்விடுவார். தையல் அறை மூலையில் ஒரு ஃபேன் பேட்டரியில் விடியவிடியச் சுற்றும். காலையில் பேட்டரி காலி. இப்படி அடிக்கடி அடியோடு இறங்கினால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். ஆயிரக்கணக்கில் போட்ட பேட்டரி ஏன் சீக்கிரம் படுத்துவிட்டது என்று கம்பெனியைத் திட்டுவார்கள். ஆகவே இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் லைட், ஃபேன் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தே ஆக வேண்டும். கேமரா அந்த லைனில் இல்லாத கடையாக இருந்தால், இன்வெர்ட்டரின் முன்புற சுவிட்சையும் அணைக்கலாம். பெரும்பாலான மாடல்களில் அப்படி அணைத்தாலும், வெளிக் கரண்ட் இருக்கும்வரை பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

தையல் மெஷின் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய தையல் மெஷின்களில் கிளட்ச் மோட்டார் போட்டிருப்பார்கள். மிதியிலிருந்து காலை எடுத்தால் ஊசி நிற்கும், மேஜைக்கு அடியில் மோட்டார் நிற்காது, குர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை நேரத்தில் அந்தச் சத்தம் பழகிப்போவதால் காதில் விழாது. கரண்ட் போய் அது நின்று, சுவிட்சும் ஆனிலேயே இருந்தால், நள்ளிரவில் யாரும் இல்லாமலேயே மீண்டும் சுற்றத் தொடங்கும். புதிய சர்வோ மோட்டாருக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருந்தாலும் சுவிட்சை அணைப்பதில் வேறுபாடு வேண்டாம்.

பணக் கணக்கையும் ஒளிவில்லாமல் சொல்லிவிடலாம். ஊழியரிடம் "கரண்ட் பில் ஏறுது" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஏறாது. இந்தக் கடை இரவு ஒன்பதுக்கு மூடி காலை ஒன்பதுக்குத் திறக்கிறது. பின் அறைகளில் இரண்டு ஃபேன் மறந்து ஓடினால், 75 வாட் வீதம் பன்னிரண்டு மணி நேரத்தில் 1.8 யூனிட். வாசல் பெயர்ப் பலகை 100 வாட் என்றால் இன்னொரு 1.2 யூனிட். சேர்த்து ஒரு இரவுக்கு 3 யூனிட், மாதத்துக்கு 90. யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 630 ரூபாய். கடை மூழ்கும் தொகை இல்லை, விட்டுவிடும் தொகையும் இல்லை. சாமி மாடத்தில் எரியும் பழைய 'ஜீரோ வாட்' பல்பையும் கணக்கில் சேர்க்கலாம். பெயர்தான் ஜீரோ, பழைய இழை பல்பாக இருந்தால் பன்னிரண்டு, பதினைந்து வாட் வரை இழுக்கும். பழைய காலத்து மீட்டர் அவ்வளவு சின்ன அளவைக் கவனிக்காது என்பதால் வந்த பெயர் அது. அரை வாட் எல்.இ.டி. பல்பு மாற்றினால் சாமிக்கும் குறை இருக்காது. விளக்கேற்றி ஊதுபத்தி வைக்கும் கடையாக இருந்தால், எண்ணெய் விளக்கைக் குளிரவைத்து ஊதுபத்தி முழுக்க எரிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் ஷட்டருக்குப் போக வேண்டும்.

யார் இதைச் செய்வது என்பதில்தான் பெரும்பாலான கடைகள் கோட்டை விடுகின்றன. "கடைசியா போறவங்க அணைச்சிட்டுப் போங்க" என்பார்கள். கடைசியாகப் போகிறவர் கையில் சாவி, பை, குடை, கல்லாப் பணம் எல்லாம் இருக்கும், மனதில் பஸ் இருக்கும். அவரால் மூலை முடுக்கைப் பார்க்க முடியாது. மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஒருவர் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். முதலில் மாடி, அடுத்து தையல் அறை, பிறகு கழிப்பறை, அதன்பின் கவுன்டர், கடைசியில் வாசல். அப்படி வந்தால் அவர் நடக்கும் பாதையில் எப்போதும் வெளிச்சம் இருக்கும், தடுக்கி விழ வேண்டியதில்லை. இந்த வாரம் இவர், அடுத்த வாரம் அவர் என்று பெயர் எழுதிவிட வேண்டும். பெயர் இல்லாத வேலை எல்லாருடைய வேலை. எல்லாருடைய வேலையை யாரும் செய்வதில்லை.

ஜப்பான் ரயில்களில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். கண் மட்டும் பார்த்தால் மனம் வேறெங்கோ இருக்கும், விரலும் வாயும் சேர்ந்தால் அது முடியாது. அதே வேலையைக் கடையில் செய்ய வெட்கப்பட வேண்டியதில்லை. கவுன்டரில் இருக்கும் அக்கா தையல் அறை வாசலில் நின்று, "மாஸ்டர், அயர்ன் பிளக்?" என்று கேட்க, அவர் தொங்கும் பிளக்கைத் தொட்டு, "வெளியில இருக்கும்மா" என்று சொன்னால் ஐந்து நொடி வேலை.

பேச்சைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். உட்கார வைத்துச் சொல்வதைவிட, மூடும் நேரத்தில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையில் ஒருமுறை நடப்பது நல்லது. தீபாவளி வியாபார நெரிசலில் வேண்டாம். மழை தொடங்குவதற்கு முன், புரட்டாசியில் செய்துவிடலாம். மறந்தவருக்குச் சம்பளத்தில் பிடித்தம் என்ற பேச்சை எடுக்காமல் இருப்பது முக்கியம். பிடித்தம் என்றால் மறதியை மறைப்பார்கள். மேஜைத் துணி பழுப்பானதைப் புரட்டிப் போட்டு மூடிவிடுவார்கள். அந்தப் பழுப்பைத்தான் முதலாளி முதலில் பார்த்திருக்க வேண்டும்.

நடக்கும்போதே கையைப் பழக்கலாம். அணைத்த பிறகு பிளக்கைப் பிடுங்கும்போது அதன் பின்கள் கை வைக்க முடியாத அளவு சுட்டால், பிளாக் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். சுவிட்ச் தட்டு பழுப்பேறியிருந்தாலும், அணைக்கும்போது சடசடத்தாலும், மீன் நாற்றம் போல ஒரு பிளாஸ்டிக் வாடை வந்தாலும் அப்படித்தான். உப்புக் காற்று படும் ஊரில் உள்ளே இருக்கும் பித்தளை, செம்புத் துண்டுகள் சீக்கிரம் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய இடம் சூடாகும். அந்த சுவிட்சை மறுநாள் பயன்படுத்தாமல் எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, மழையில் நனைந்த கையோடு போர்டைத் தொடக் கூடாது. ஷட்டர் பக்கத்தில் ஒரு பழைய துண்டு தொங்கட்டும்.

ஷட்டர் உள்பக்கச் சுவரில், கண் மட்டத்தில் ஒட்ட வேண்டிய பட்டியல் இது. தங்கள் கடையில் இல்லாததை அடித்துவிடலாம், இருப்பதைச் சேர்க்கலாம். பத்து வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும்:

1. மாடி, சரக்கு அறை: லைட், ஃபேன் சுவிட்ச் மேலே.
2. அயர்ன் பாக்ஸ்: பிளக் வெளியே தொங்குகிறது, பெட்டி இரும்புத் தட்டில்.
3. தையல் மெஷின்: மூன்று மோட்டார் சுவிட்சும் அணைந்தன.
4. செல்போன், எமர்ஜென்சி லைட், வண்டி பேட்டரி: எந்த சார்ஜரும் இரவில் சொருகி இல்லை.
5. கழிப்பறை லைட், எக்ஸாஸ்ட் ஃபேன்.
6. பில் கம்ப்யூட்டர் முழுக்க அணைந்த பின் அதன் சுவிட்ச்; ஏ.சி. ரிமோட்டில் மட்டுமல்ல, சுவிட்சிலும்.
7. இன்வெர்ட்டர் லைன் லைட், ஃபேன்.
8. சாமி மாடம்: விளக்கு, ஊதுபத்தி.
9. பெயர்ப் பலகை, பிறகு பகல் லைன் மெயின் கீழே.
10. சிவப்பு ஸ்டிக்கர்: தொடவில்லை.

கீழே ஒரு தேதிக் கட்டம், அதில் கையெழுத்து வேண்டாம், ஒரு எழுத்து போதும்.

வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க மீட்டர் இருக்கிறது. எலெக்ட்ரானிக் மீட்டரின் முகத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் 3200 imp/kWh என்பது போல ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட் ஓட 3200 முறை சிமிட்டும் என்று பொருள். அந்த மீட்டரில் 100 வாட் ஓடினால் பதினோரு நொடிக்கு ஒரு முறை சிமிட்டும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் சூடேறிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை. எல்லாம் அணைத்து, கேமரா மட்டும் ஓடும் கடையில் விளக்கு எப்போதாவதுதான் கண் சிமிட்டும். ஃப்ரிட்ஜ் உள்ள கடையில் அதன் மோட்டார் ஓடும்போது கொஞ்சம் வேகமாகும், நின்றதும் மெதுவாகும். முதல் வாரம் தினமும் பார்த்தால் தங்கள் கடையின் 'சரியான வேகம்' கண்ணுக்குப் பழகிவிடும். அதைவிட வேகமாகச் சிமிட்டினால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது, ஷட்டரை மறுபடி தூக்க வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் பூட்டும்போது ஒரு ரீடிங், திறக்கும்போது ஒரு ரீடிங் எழுதிப் பார்க்கலாம்.

கரண்ட் இல்லாத இரவில் மட்டும் மீட்டரும் இருட்டாக நிற்கும், அதனிடம் கேட்டுப் பயனில்லை. அன்றைக்கு டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பத்து வரியும் விரல் வைத்துப் படிக்கப்பட வேண்டும். மெயின் கீழே விழும் 'டக்' சத்தம் காதில் கேட்க வேண்டும்.

காலையில் வரிசை தலைகீழ். ஷட்டரைத் தூக்கியதும் எதையும் தட்டாமல் அரை நிமிடம் நின்று மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். நேற்றைய துணி வாசனை, ஈர வாசனை என்றால் சரி, மெயினை மேலே தூக்கிவிட்டு, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடலாம். எல்லா சுவிட்சும் ஆனில் இருக்க மெயினைத் தூக்கினால் மொத்தச் சுமையும் ஒரே நேரத்தில் அந்த எம்.சி.பி.யின் முனைகளில் விழும். முந்தின இரவு ஒவ்வொன்றாக அணைத்ததன் பலன் இங்கேயும் கிடைக்கிறது. கருகல் வாடை வந்தால் மெயினைத் தொடாமல் வெளியே வந்து எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். புகையே தெரிந்தால் 101 அல்லது 112.